விற்காத பாக்கெட்டுக்கு ஏது ஆட்டோ வாடகை?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நின்ற ஒரு கணக்கைப் பற்றியது. சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டு, சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். தொகைகளை மட்டும் கணக்குப் போட வசதியாக வட்டமாக்கியிருக்கிறேன். என்னிடம் காஸ்டிங் படித்தவர்கள் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். படிக்காத உறவினர்கள் பயப்பட வேண்டாம், கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

என் தங்கை மகளும் அவளுடைய நாத்தனாரும் சேர்ந்து சத்துமாவு தயாரித்து விற்கிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பலர் வாங்கியும் இருக்கிறீர்கள். அரை கிலோ பாக்கெட். லாப நஷ்டத்தில் சரிபாதி. இப்போது நாத்தனாருக்குப் பேரன் பிறந்திருப்பதால் மகளோடு பெங்களூரில் போய் இருக்கப் போகிறார். டிசம்பர் 31-ஆம் தேதியோடு கூட்டிலிருந்து விலகிக்கொள்வதாக முடிவு. சண்டை ஒன்றுமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கணக்கை முடித்து, அவர் பங்கு லாபத்தைக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

கணக்கு எழுதும் தம்பி ஒரு காஸ்ட் ஷீட் போட்டுக் கொடுத்திருந்தார். மூன்று மாத லாபம் 1,04,000 ரூபாய். ஆளுக்கு 52,000. என் மருமகள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "மாமா, தாள்ல லாபம் இருக்கு. ஆனா எனக்கு எங்கேயோ இடிக்குது. நான் எதாவது சொன்னா மதினி தப்பா நெனச்சுக்குவாங்க. நீங்க ஒரு தடவை பாருங்க" என்றாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. செலவு எதுவும் விட்டுப்போகவில்லை. ஒரே ஒரு வகுத்தல்தான் இடம் மாறியிருந்தது.

அந்த மூன்று மாதத்தில் அவர்கள் தயாரித்தது 10,000 பாக்கெட். விற்றது 8,000. அக்டோபர் தொடக்கத்தில் பழைய இருப்பு எதுவும் இல்லை. ஆகவே டிசம்பர் கடைசியில் 2,000 பாக்கெட் அலமாரியில் இருக்கிறது. விற்பனை விலை, வரி நீக்கி, பாக்கெட் 100 ரூபாய். செலவுகள் இவை:

தானியம், பயறு, முந்திரி, ஏலக்காய்: 4,80,000
பாக்கெட் கவர்: 40,000
வறுக்க, சலிக்க, அடைக்க வரும் பெண்களுக்குக் கூலி: 1,20,000
முதன்மை அடக்கம்: 6,40,000

கொட்டகை வாடகை, மின்சாரம், அரைவை இயந்திரத் தேய்மானம்: 80,000
தொழிற்சாலை அடக்கம்: 7,20,000

உற்பத்தி சார்ந்த நிர்வாகச் செலவு: 30,000
உற்பத்தி அடக்கம்: 7,50,000

10,000 பாக்கெட்டுக்கு 7,50,000. ஆக, ஒரு பாக்கெட்டைத் தயாரித்து அலமாரியில் வைக்க 75 ரூபாய். இதுவரை அந்தத் தம்பியும் நானும் ஒரே பாதையில்தான் வருகிறோம்.

அடுத்து வருவது விற்பனை மற்றும் பகிர்மான மேற்செலவுகள். கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் லோடு ஆட்டோ 28,000. அட்டைப்பெட்டி 12,000. கடை பிடித்துக் கொடுக்கும் பையனுக்குக் கமிஷன் 21,000. நோட்டீஸ், கடை வாசலில் மாட்டும் போர்டு 9,000. வாட்ஸ்அப்பில் ஆர்டர் கொடுப்பவர்களுக்கு அனுப்பிய கூரியர் 50,000. மொத்தம் 1,20,000.

தம்பி என்ன செய்தார் என்றால், இந்த 1,20,000-ஐயும் 7,50,000-உடன் கூட்டி, 8,70,000 ஆக்கி, 10,000-ஆல் வகுத்துவிட்டார். பாக்கெட் 87 ரூபாய். மீதமிருக்கும் 2,000 பாக்கெட்டை அதே 87 ரூபாய் வீதம் மதிப்பிட்டு 1,74,000 என்று கழித்தார். விற்ற சரக்கின் மொத்த அடக்கம் 6,96,000 என்று வந்தது. விற்பனை 8,00,000. லாபம் 1,04,000.

அவரைக் குறை சொல்ல முடியாது. பட்டியலில் மேலிருந்து கீழே எல்லாவற்றையும் 10,000-ஆல் வகுத்துக்கொண்டே வரும்போது, கை அதே வேகத்தில் கடைசி வரியையும் 10,000-ஆல் வகுத்துவிடும். தேர்வுத்தாளில் இதை நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கேள்வியிலேயே "விற்ற அலகு ஒன்றுக்கு 4 ரூபாய் விற்பனைச் செலவு" என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு உற்பத்தி எண்ணிக்கையால் பெருக்கி வைத்திருப்பார்கள். இந்தப் பதிவைப் படிக்கும் சிலருக்கு இப்போது சிரிப்பு வரும். பெயர் சொல்ல மாட்டேன்.

சரியான முறை என்ன? பட்டியல் இறங்கி வரும்போது உற்பத்தி அடக்கம் என்ற வரியில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு கதவு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 10,000 பாக்கெட்டும் அதுவரை ஒன்றாக வந்தவை. விற்ற 8,000 மட்டும் கதவைத் தாண்டி வெளியே போனது. 2,000 உள்ளேயே நின்றுவிட்டது. நின்றதை 75 ரூபாய் வீதம் 1,50,000 என்று கழித்துவிட்டால், விற்ற சரக்கின் உற்பத்தி அடக்கம் 6,00,000. இதற்குப் பிறகுதான் விற்பனைச் செலவு 1,20,000 உள்ளே வருகிறது. அது வெளியே போன 8,000-ஐ மட்டும்தான் பார்க்கிறது. பாக்கெட்டுக்கு 15 ரூபாய். மொத்த அடக்கம் 7,20,000, அதாவது பாக்கெட் 90 ரூபாய். விற்பனை 8,00,000. லாபம் 80,000.

1,04,000 எங்கே, 80,000 எங்கே. வித்தியாசம் 24,000. அது எங்கே போனது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். தம்பியின் கணக்கில் பாக்கெட்டுக்கு 12 ரூபாய் விற்பனைச் செலவு. விற்ற 8,000 பாக்கெட் சுமந்தது 96,000 மட்டும். மீதி 24,000 அலமாரியில் இருக்கும் 2,000 பாக்கெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆட்டோக்காரர் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பையன் கமிஷன் வாங்கிவிட்டான். கூரியர்காரருக்கு ஜிபே செய்தாயிற்று. கையைவிட்டுப் போன அந்தப் பணம், கணக்கில் மட்டும் சொத்தாக, சரக்காக நிற்கிறது. அலமாரியில் இருக்கும் பாக்கெட் ஆட்டோவில் ஏறவே இல்லை. அதற்கு ஏது ஆட்டோ வாடகை?

மருமகளுக்கு "எங்கேயோ இடிக்குது" என்று தோன்றியது இதனால்தான். லாபத்தில் பாதி 52,000 கொடுத்துவிட்டால், நாத்தனார் 12,000 அதிகமாக எடுத்துக்கொண்டு போகிறார். அதற்கு ஈடாக இவள் கையில் நிற்பது 24,000 கூடுதலாக விலை எழுதிய சரக்கு. அடுத்த மூன்று மாதத்தில் அது தன் வேலையைக் காட்டும்.

எப்படி என்று பார்ப்போம். ஜனவரி முதல் மார்ச் வரை 6,000 பாக்கெட் தயாரித்து, பழைய 2,000-ஐயும் சேர்த்து 8,000 விற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தி அடக்கம் அதே 75 என்றே இருக்கட்டும். (உண்மையில் உற்பத்தி குறைந்தால் கொட்டகை வாடகை குறைவான பாக்கெட்டில் விழுந்து 75 கொஞ்சம் ஏறும். இப்போதைக்கு அதை விடுங்கள்.) விற்பனைச் செலவும் அதே 1,20,000. சரியான கணக்கில், தொடக்க இருப்பு 1,50,000, புது உற்பத்தி 4,50,000, விற்பனைச் செலவு 1,20,000, ஆக 7,20,000. லாபம் 80,000. தம்பியின் கணக்கில் தொடக்க இருப்பே 1,74,000. மற்றவை அதேதான். மொத்தம் 7,44,000. லாபம் 56,000.

இரண்டு காலத்தையும் கூட்டிப் பாருங்கள். 80,000 இரண்டு முறை, 1,60,000. 1,04,000-உம் 56,000-உம் சேர்த்தாலும் அதே 1,60,000. மொத்தத்தில் ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால்தான் ஒரே ஆள் நடத்தும் கடையில் இந்தத் தவறு வருஷக்கணக்கில் கண்ணில் படாமல் ஓடும். ஆனால் நடுவில் ஒருவர் விலகினால், அல்லது புதிதாக ஒருவர் சேர்ந்தால், அல்லது வங்கிக்கு இருப்பு விவரம் கொடுக்க வேண்டி வந்தால், அந்தத் தேதியில் 24,000 யார் பக்கம் நிற்கிறது என்பது பெரிய கேள்வியாகிவிடும்.

இதை விளக்கிவிட்டால் முடிந்தது என்று நினைத்துத்தான் இருவரையும் உட்கார வைத்துப் பேசினேன். நாத்தனார் முழுக்கக் கேட்டார். ஊரில் எல்லோரையும் போல அவரும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். அவர் கேட்ட கேள்வி, வகுப்பில் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டியிருப்பேன்.

"சார், நீங்க சொல்றது ஆட்டோவுக்குச் சரி. நவம்பர்ல நான் வெயில்ல நடந்து கடை கடையா நோட்டீஸ் கொடுத்தேன். அதனாலதான் அந்தக் கடைங்க இப்பவும் வாங்குறாங்க. ஜனவரியில இந்த 2,000 பாக்கெட் போறதுக்கும் அந்த நோட்டீஸ்தானே காரணம்? அப்ப அந்தச் செலவுல ஒரு பங்கு அந்த 2,000-த்து மேல ஏறக் கூடாதா?"

நியாயமான கேள்விதான். விளம்பரத்தின் பலன் டிசம்பர் 31 இரவோடு நின்றுவிடுவதில்லை. ஆனாலும் அதைச் சரக்கின் மதிப்பில் ஏற்றக் கூடாது. காரணம் இது. சரக்கின் அடக்கம் என்பது அந்தப் பொருளை இப்போது இருக்கும் இடத்துக்கும் இப்போது இருக்கும் நிலைக்கும் கொண்டுவர ஆன செலவு. வறுத்ததால், அரைத்ததால், கவரில் அடைத்ததால் தானியம் சத்துமாவு ஆனது. நோட்டீஸ் கொடுத்ததால் அலமாரியில் இருக்கும் பாக்கெட்டில் எதுவும் மாறவில்லை. நோட்டீஸ் மாற்றியது கடைக்காரரின் மனதை. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் சரக்கிருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலை 2-ம் விற்பனை, பகிர்மானச் செலவுகளைச் சரக்கின் அடக்கத்தில் சேர்ப்பது பொருத்தமல்ல, அவை ஏற்பட்ட காலத்திலேயே செலவாக எழுதப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறது.

அப்படியானால் அவருடைய நவம்பர் உழைப்புக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. அதற்கு வேறு பெயர். கூட்டாண்மைப் பாடத்தில் கூட்டாளி விலகல் என்ற அத்தியாயத்தில் படித்திருப்பீர்கள், நற்பெயர். கடைக்காரர்கள் தொடர்ந்து வாங்குவதால் வரப்போகும் லாபத்துக்கு ஒரு மதிப்பு போட்டு, அதில் விலகுபவரின் பங்கைத் தொடர்ந்து நடத்துபவர் கொடுக்க வேண்டும். (இருவர் மட்டும் இருந்த கூட்டில் ஒருவர் போனால் கூட்டாண்மையே முடிந்துவிடுகிறது, மிச்சமிருப்பது தனிவணிகம். ஆனாலும் நற்பெயருக்கு ஈடு பேசிக்கொள்வதை அது தடுக்காது.) அதைச் சத்துமாவு பாக்கெட்டுக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. ஒளித்து வைத்தால் எவ்வளவு கொடுத்தோம், எதற்குக் கொடுத்தோம் என்று இருவருக்குமே தெரியாது. நற்பெயர் என்று பெயர் சொல்லி, தனி வரியில் எழுதி, பேசி முடிவு செய்யலாம்.

நாத்தனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப லாபம் நாற்பதாயிரம். அதை முதல்ல எழுதுங்க. மத்ததை நாங்க பேசிக்கிறோம்" என்றார். பேசினார்கள். எவ்வளவு என்பது அவர்கள் இருவர் விஷயம், இங்கே எழுதப் போவதில்லை. நான் அந்த நேரத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

இப்போது பாடத்துக்குத் திரும்புகிறேன். இந்த 87 ரூபாய் தவறு என்பதைத் தரநிலை எதுவும் படிக்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சரக்கை அடக்க விலை, நிகரத் தீர்வு மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில்தான் மதிப்பிட வேண்டும் என்பது பழைய விதி. நிகரத் தீர்வு மதிப்பு என்றால், விற்றால் வரும் விலையிலிருந்து விற்பதற்கு இனி ஆகப்போகும் செலவைக் கழித்தது. இதே சராசரியில் போனால் 100 ரூபாயில் 15 கழித்து 85 ரூபாய். அந்த பாக்கெட்டால் நம் கைக்குச் சுத்தமாக வரக்கூடியதே 85 தான். அதை 87 என்று எழுதினால் எப்படி? 75 என்று எழுதினால் இடிக்காது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். விற்காத பாக்கெட்டைப் பொறுத்தவரை விற்பனைச் செலவு என்பது இனிமேல்தான் வரவேண்டிய பாரம். ஆகவே அதன் மதிப்பிலிருந்து கழிபட வேண்டியது. தம்பி செய்ததோ அதை மதிப்போடு கூட்டியது. திசையே நேரெதிர்.

இன்னொரு சோதனை இதைவிடச் சுலபம். பேரேட்டில் விற்பனை, பகிர்மானச் செலவுகளின் மொத்தம் என்ன? 1,20,000. லாபத்தைக் கண்டுபிடிக்கும்போது கழிக்கப்பட்டது என்ன? அதே 1,20,000 முழுசாகக் கழிந்திருந்தால் சரி. 96,000 தான் கழிந்திருக்கிறது என்றால் மீதி எங்கோ பதுங்கியிருக்கிறது. போய் இறுதிச் சரக்கிருப்பைத் தட்டிப் பாருங்கள், அங்கேதான் இருக்கும்.

எது எந்தப் பக்கம் என்பதில் சில இடங்களில் நிஜமாகவே தடுமாற்றம் வரும். எங்கள் பட்டியலிலேயே பாருங்கள். கவரும் அட்டைப்பெட்டியும் இரண்டுமே பேக்கிங் தான். கவர் 40,000 முதன்மை அடக்கத்தில் இருக்கிறது, அட்டைப்பெட்டி 12,000 பகிர்மானத்தில் இருக்கிறது. கவர் இல்லாமல் சத்துமாவை விற்கவோ வைத்திருக்கவோ முடியாது. அது முதல்நிலைப் பொதி, பொருளோடு சேர்ந்தது. அட்டைப்பெட்டி, ஆட்டோவில் போகும்போது நசுங்காமல் இருக்க. அது இரண்டாம்நிலைப் பொதி. அலமாரியில் இருக்கும் 2,000 பாக்கெட்டுக்கும் கவர் போட்டாயிற்று, அதனால் கவரின் 4 ரூபாய் அந்த 75-க்குள் இருக்கலாம். அட்டைப்பெட்டிக்குள் அவை இன்னும் போகவில்லை.

சரக்கை அனுப்பும் வாடகை எப்போதுமே இருப்பில் சேராதா என்று ஒரு நல்ல மாணவர் கேட்கலாம். ஒப்படைப்புக் கணக்கு நினைவிருக்கிறதா? மதுரையிலிருந்து சென்னையில் இருக்கும் ஒரு ஒப்படைப்பு பெறுநருக்குச் சரக்கு அனுப்பினால், அவர் கிடங்கு போய்ச் சேரும் வரை ஆன லாரி வாடகை, இன்ஷூரன்ஸ் இவற்றை விற்காத சரக்கின் மதிப்பில் விகிதப்படி சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன். அங்கே போன பிறகு ஆகும் கிடங்கு வாடகை, கமிஷன், விளம்பரம் இவற்றைச் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னேன். இரண்டும் முரண் அல்ல. அந்தச் சரக்கு இன்னும் நம்முடையதுதான், ஆனால் சென்னையில் இருக்கிறது. அது இப்போது இருக்கும் இடத்துக்கு வர ஆன செலவு லாரி வாடகை. எங்கள் 2,000 பாக்கெட் இருக்கும் இடம் கொட்டகைக்குப் பக்கத்து அறை. அங்கே வர ஒரு ரூபாய்கூட வாடகை ஆகவில்லை. ஒரே லாரி வாடகை ஓரிடத்தில் சேர்வதும் இன்னோரிடத்தில் சேராததும் இப்படித்தான். செலவின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், சரக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

விலை நிர்ணயிப்பதிலும் இந்த வகுத்தல் ஆளை ஏமாற்றும், அதுவும் இரண்டு பக்கமும். உற்பத்தி அதிகம், விற்பனை குறைவு என்ற காலத்தில் 87 என்று காட்டி, 89 ரூபாய்க்குக் கேட்கும் மொத்த வியாபாரியிடம் லாபத்துக்குத் தருகிறோம் என்று நினைக்க வைக்கும். உண்மை அடக்கம் 90. உற்பத்தி குறைவு, விற்பனை அதிகம் என்ற காலத்தில் எதிராகப் போகும். மேலே சொன்ன ஜனவரி - மார்ச் கணக்கில் 1,20,000-ஐ 6,000-ஆல் வகுத்தால் பாக்கெட்டுக்கு 20 ரூபாய். 75-உம் 20-உம் 95. அதே 90 ரூபாய்ச் சரக்கு, திடீரென்று 95 ஆனதுபோல் தெரியும். விலையை ஏற்றத் தோன்றும், நல்ல ஆர்டரைக் கைவிடத் தோன்றும். சரக்கிலோ செலவிலோ எதுவும் மாறவில்லை, கொட்டகையில் குறைவாக வறுத்தார்கள் என்பதைத் தவிர.

8,000-ஆல் வகுப்பது சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த 15 ரூபாயும் ஒரு சராசரிதான். கணக்கு முடிந்த மறுநாள், மருமகளிடம் விற்பனை நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, எந்த வழியாக எத்தனை பாக்கெட் போனது என்று பிரித்தோம். கடைகளுக்கு 7,000. கூரியரில் 1,000. கூரியர் செலவு 50,000, அதாவது பாக்கெட்டுக்கு 50 ரூபாய். மற்ற 70,000 முழுவதும் கடை விற்பனைக்கு ஆனது, பாக்கெட்டுக்கு 10 ரூபாய்.

கடையில் விற்ற பாக்கெட்டின் மொத்த அடக்கம் 85. பதினைந்து ரூபாய் லாபம், 7,000-க்கு 1,05,000. கூரியரில் போன பாக்கெட் 75-உம் 50-உம் சேர்த்து 125. தெரிந்தவர்களிடம் எப்படிக் கூரியர் காசு கேட்பது என்ற கூச்சத்தில் அவர்களுக்கும் அதே 100 ரூபாய்தான் போட்டிருந்தாள். பாக்கெட்டுக்கு 25 ரூபாய் நஷ்டம், ஆயிரத்துக்கு 25,000. 1,05,000-இல் 25,000 போனால், நாம் மேலே கண்ட அதே 80,000.

மருமகள் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, வாட்ஸ்அப் ஆர்டர் ஏற ஏற எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு" என்றாள்.

ஜனவரியிலிருந்து கூரியர் கட்டணம் தனி என்று அறிவித்துவிட்டாள். இரண்டு பாக்கெட்டாகவோ நான்காகவோ சேர்த்து வாங்கினால் பாக்கெட்டுக்கு விழும் கட்டணம் குறையும் என்றும் போட்டிருக்கிறாள். அந்த ஆயிரம் பாக்கெட்டில் கணிசமான பங்கு, இதைப் படிக்கும் சென்னை, கோவை உறவுகள் வாங்கியதுதான் என்பது எனக்குத் தெரியும். கட்டணம் யார் போடச் சொன்னது என்று அவளிடம் கேட்க வேண்டாம். நான்தான் சொன்னேன். ஊருக்கு வரும்போது நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், 100 ரூபாய்தான்.

கணக்கு எழுதிய தம்பிக்கும் இந்தத் தாளைக் காட்டினேன். வருத்தப்படவில்லை. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, "சார், இன்னும் ரெண்டு இடத்துல இதே மாதிரி போட்டு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பினார்.